அந்த ‘நான்’ யார்?

விடுப்புக் கடிதம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மதிய உணவு இடைவேளையில் கொண்டுவந்து கொடுத்தாள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதினால் பயிற்சியாக இருக்கும் என்று நான்தான் வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன். அதில் இருந்தது ஒரே ஒரு செய்தி: ‘மை மதர் செட் தட் ஐ ஆம் நாட் வெல், யூ டோன்ட் கோ டு ஸ்கூல் டுமாரோ.’ (ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படித்தால் விளங்கிவிடும்.)

சிவப்பு மை பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. ‘யூ’ என்பதை அடித்துவிட்டு ‘ஐ’ என்று எழுதினேன். ‘அயற்கூற்றில் யூ வரக்கூடாது என்று எத்தனை முறை சொல்வது?’ என்றும் கேட்டேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று மாலை விளையாட்டு மைதானத்தில் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தாள். உடம்பு சரியில்லாத பிள்ளை இப்படி ஓடுமா என்று மனதில் குறித்துக்கொண்டேன். அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவளை வகுப்பின் நடுவே நிறுத்தி, பொய்க் கடிதம் எழுதுவதைப் பற்றி நீளமாகப் பேசினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெண்தான் எழுந்து, ‘சார், அவங்க அம்மாவ ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க’ என்றாள்.

உடம்பு சரியில்லாதது அம்மாவுக்கு. அம்மா சொன்னது இதுதான்: ‘எனக்கு உடம்பு சரியில்ல, நீ நாளைக்குப் பள்ளிக்கூடம் போவாத.’ மகள் அதை மனதில் அப்படியே ஒரு ‘ன்னு’ போட்டு மூடி, ‘அம்மா, எனக்கு உடம்பு சரியில்ல, நீ நாளைக்குப் போவாதன்னு சொன்னாங்க’ என்று ஆக்கி, ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். அந்தக் கடிதத்தில் உண்மையைக் காட்டிக்கொடுக்கக் கூடிய ஒரே சொல் ‘யூ’. ‘நீ’ என்றால் மகள். அப்படியானால் அந்த ‘ஐ’ அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தடயத்தைத்தான் நான் சிவப்பு மையால் அழித்தேன்.

நேர்க்கூற்று, அயற்கூற்றுப் பாடத்தைப் பல ஆண்டுகளாகப் பட்டியல் போட்டே நடத்தி வந்தவன் நான். ‘இஸ்’ வந்தால் ‘வாஸ்’, ‘வில்’ வந்தால் ‘வுட்’, ‘டுமாரோ’ வந்தால் ‘த நெக்ஸ்ட் டே’. அந்தக் கடிதத்துக்குப் பிறகு பட்டியலை மூடிவைத்துவிட்டு, நம் ‘என்று’ என்ன செய்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

‘என்று’ என்பது ‘என்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த வினையெச்சம். ‘என்’ என்றால் சொல் என்று பொருள். ‘வந்து’, ‘கண்டு’ போல ‘என்று’ம் செய்து என்னும் வாய்பாட்டைச் சேர்ந்தது. ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பதைப் பிரித்தால், ‘வருகிறேன்’ என மொழிந்து சொன்னான் என்று வரும். பேச்சில் இது ‘ன்னு’ ஆகிறது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் ‘எண்டு’. பழைய இலக்கணக்காரர்களும் இதைத் தனியாகக் கவனித்திருக்கிறார்கள். ‘என’ என்னும் சொல் வினை, பெயர், குறிப்பு, இசை, எண், பண்பு ஆகிய ஆறோடும் வரும் என்றும், ‘என்று’ என்பதும் அதைப் போன்றதே என்றும் தொல்காப்பியமும் நன்னூலும் இடையியலில் சொல்கின்றன. ‘படபடவென்று’, ‘திடுக்கென்று’ என்று நாம் நாள்தோறும் பேசுவதெல்லாம் அந்த ஆறுக்குள் அடங்கும்.

இதில் வகுப்பறைக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ‘என்று’ தனக்கு முன்னால் இருப்பதைத் தொடுவதில்லை. ஓசை வந்தால் ஓசையாகவே விடுகிறது. பேச்சு வந்தால் பேச்சாகவே விடுகிறது. உள்ளே இருக்கும் ‘நான்’, ‘நீ’, ‘நாளை’, ‘இங்கே’, காலம், வினாக்குறி எல்லாம் முதலில் பேசியவர் வாயில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கலாம். ‘என்று’வுக்கு முன்னால் இருக்கும் பகுதியை வெட்டி எடுத்துத் தனியே வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது தானே நிற்கும் முழு வாக்கியமாக இருக்கும்.

ஆங்கிலத்தின் ‘தட்’ அப்படிப்பட்டதல்ல. அது சொல்லுதல் என்னும் வினையிலிருந்து வந்ததுமல்ல. ‘அது’ என்று சுட்டும் சொல்தான் அது. ‘தட்’ போட்ட உடனே, அதன் பின்னால் வருவது அனைத்தும் செய்தியை எடுத்துச் சொல்பவரின் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். பேசியவரின் ‘ஐ’ இப்போது ‘ஷி’. கேட்டவரின் ‘யூ’ இப்போது ‘ஐ’ அல்லது ‘மீ’. ‘தட்’டுக்குப் பின்னால் ‘ஐ’ வந்தால், அது கடிதம் எழுதும் பிள்ளையையே குறிக்கும். ஆகவே மாணவி எழுதிய வாக்கியம் ஆங்கில அளவில் பிழையான வாக்கியமாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. அது வேறொரு செய்தியைச் சொல்லும் சரியான வாக்கியம். திருத்தும்போது நம்மை ஏமாற்றுவது இதுதான். சிவப்பு மைக்கு அகப்படும் பிழையைவிட, அகப்படாத இந்தப் பிழை ஆபத்தானது.

தமிழிலும் இந்தக் குழப்பம் இல்லாமல் இல்லை. ‘ரவி நான் ஜெயிப்பேன் என்று சொன்னான்’ என்று எழுதினால், ஜெயிக்கப் போவது ரவியா, எழுதுகிறவரா? இரண்டுக்கும் இடம் உண்டு. பேச்சில் ‘ரவி’ என்று சொல்லிச் சற்று நிறுத்துவோம், குரலை மாற்றுவோம், குழப்பம் தீர்ந்துவிடும். எழுத்தில் மேற்கோள் குறி அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் மேற்கோள் குறி போட்டாலும் போடாவிட்டாலும் தமிழில் ‘என்று’ வந்தே தீரும். ‘ஹி செட் தட்’ என்று எழுதிவிட்டு அதன் பின்னால் மேற்கோள் குறிக்குள் ‘ஐ ஆம் கமிங்’ என்று நம் பிள்ளைகள் எழுதுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. நேர்க்கூற்றுக்கும் அயற்கூற்றுக்கும் ஒரே ‘என்று’ போட்டுப் பழகியவர்கள், ‘தட்’ என்பதை ‘என்று’வின் ஆங்கிலப் பெயர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளச் சொன்னதும் நாம்தான். ‘தட் என்றால் என்று’ எனக் கரும்பலகையில் எழுதிப்போட்டவர்களில் நானும் ஒருவன்.

‘தட்’டும் ‘என்று’வும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வினாவும் ஏவலும் போதும். தலைமையாசிரியர் என்னிடம் மூன்று பேச்சுப் பேசியதாக வைத்துக்கொள்வோம். ‘நாளை விடுமுறை’ என்று சொன்னார். ‘நாளை வருவீர்களா’ என்று கேட்டார். ‘நாளை வாருங்கள்’ என்று சொன்னார். மூன்றுக்கும் ‘என்று’ ஒன்றேதான். உள்ளே செய்தி, வினா, ஏவல் என்று வகை மாறுவதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று வழி. செய்திக்கு ‘தட்’. ஆம், இல்லை என்று விடை தேடும் வினாவுக்கு ‘இஃப்’ அல்லது ‘வெதர்’. ஏவலுக்கு ‘டோல்ட் மீ டு கம்’. அங்கே வாக்கியம் முழு வாக்கியமாகவே இருப்பதில்லை, ‘டு’ சேர்ந்த எச்சமாகச் சுருங்கிவிடுகிறது.

‘எப்போது வருவாய் என்று கேட்டார்’ போன்ற வினாக்களில் பிழை இன்னும் நுட்பமானது. ‘ஹி ஆஸ்க்ட் மீ தட் வென் வில் யூ கம்’ என்று பிள்ளை எழுதுகிறது. ‘தட்’டை அடித்தால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் ‘வென் வில் யூ கம்’ இன்னும் நேர்வினாவாகவே நிற்கிறது. ஆங்கிலத்தில் உள்ளே போனதும் வினா தன் வினா வடிவத்தை இழக்க வேண்டும்: ‘ஹி ஆஸ்க்ட் மீ வென் ஐ வுட் கம்.’ எழுவாய் முன்னுக்கு வந்துவிட்டது, துணைவினை பின்னுக்குப் போய்விட்டது. தமிழ் வினா உள்ளே போகும்போது எதையும் இழப்பதில்லை என்பதால், இழக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றுவதற்கு வழியே இல்லை. சொன்னால்தான் தெரியும்.

சொல்லுதல், கேட்டல் மட்டுமல்ல. நினைத்தல், நம்புதல், பயப்படுதல், தெரிதல் எல்லாவற்றுக்கும் ‘என்று’ உண்டு. சில வேளை அப்படிப்பட்ட வினையே இல்லாமலும் வரும். ‘மழை வருகிறது என்று குடையை எடுத்தாள்’ என்பதில் யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டது காரணமாகிவிடுகிறது. இங்கே ‘தட்’ போட்டால் ஆங்கிலம் நொண்டும்; ‘பிகாஸ்’ அல்லது ‘திங்கிங்’ போட வேண்டியிருக்கும். இதை எட்டாம் வகுப்பில் நான் நடத்துவதில்லை. கேட்கும் பிள்ளைக்கு மட்டும் சொல்வேன்.

இனி வழிக்கு வருகிறேன். நம் மொழியிலேயே எடுத்துச் சொல்பவரின் பக்கம் திரும்பி நிற்கும் வடிவம் ஒன்று இருக்கிறது. தமிழாசிரியர்கள் அதை அயற்கூற்று என்ற பெயரில் நடத்துகிறார்கள். ஆங்கில வகுப்புக்கு வந்ததும் நாம் அதை மறந்துவிடுகிறோம். ‘நான் வருவேன் என்று ரவி சொன்னான்’ என்பது ‘ரவி, தான் வருவதாகச் சொன்னான்’ என்று ஆகிறது. என்ன நடந்தது என்று பாருங்கள். ‘நான்’ போய் ‘தான்’ வந்தது. ‘வருவேன்’ என்பதில் இருந்த தன்மை விகுதி உதிர்ந்து ‘வருவதாக’ ஆனது. ‘வருவேன்’ தனியே நிற்கும். ‘வருவதாக’ தனியே நிற்காது. ஆங்கிலம் கேட்கும் திருப்பத்தில் பாதியைத் தமிழே செய்து முடித்துவிட்டது. ‘தான்’ வந்த இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹி’ அல்லது ‘ஷி’ போட்டால் போதும். அதனால் என் வகுப்பில் இப்போது ‘என்று’விலிருந்து நேராக ‘தட்’டுக்குப் போவதில்லை. நடுவில் ‘தாக’வில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறோம்.

இந்தப் பாலத்தில் எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. வினா ஏறாது, ‘வருவாயா’ என்பதை ‘தாக’ ஆக்க வழியில்லை. ஏவலும் ஏறாது. ஆனால் ஏவலுக்கு வேறு பாலம் இருக்கிறது: ‘வரும்படி சொன்னார்’, ‘வரச் சொன்னார்’. ‘தாக’ வந்தால் ‘தட்’, ‘படி’ வந்தால் ‘டு’ என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டிலும் ஏறாமல் அடம்பிடிப்பது எதுவோ அது வினா. அதற்கு ‘இஃப்’ அல்லது வினாச்சொல். ‘இல்லை’, ‘வேண்டாம்’, ‘முடியாது’ என்று முடிபவையும் ‘தாக’வோடு இயல்பாகச் சேர்வதில்லை. ‘உடம்பு சரியில்லாததாகச் சொன்னார்’ என்று யாரும் பேசுவதில்லை. அங்கே ‘என்று’வை அப்படியே விட்டுவிட்டு, ஆட்களை மட்டும் மாற்றச் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். அம்மா பேசியது: ‘எனக்கு உடம்பு சரியில்லை, நீ நாளைக்குப் பள்ளிக்கூடம் போகாதே.’ முதல் வேலை, பேசியது யார், யாரிடம் என்று ஓரத்தில் எழுதுவது. பேசியவர் அம்மா, கேட்டது மகள், இப்போது எழுதுவதும் மகள். அடுத்து, உள்ளே இருக்கும் ஒவ்வோர் ஆளையும் எழுதுகிறவளின் இடத்திலிருந்து பெயரிடுவது. ‘எனக்கு’ என்பது அம்மா, ஆகவே ‘தனக்கு’. ‘நீ’ என்பது எழுதுகிற பிள்ளை, ஆகவே ‘நான்’ அல்லது ‘என்னை’. ‘போகாதே’ ஏவல், ஆகவே ‘போக வேண்டாம்’. இப்போது தமிழ் வாக்கியம்: ‘அம்மா தனக்கு உடம்பு சரியில்லை என்றும், நாளை என்னைப் பள்ளிக்குப் போக வேண்டாம் என்றும் சொன்னார்.’ (பெரியவர்களுக்குத் ‘தமக்கு’ என்று எழுதுவது மரபு. தமிழாசிரியர் திருத்தினால் திருத்தட்டும்.) இதில் இருப்பது ஒரு செய்தி, ஓர் ஏவல் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்றுக்குத் ‘தட்’, மற்றதற்கு ‘டு’. ‘மை மதர் செட் தட் ஷி வாஸ் நாட் வெல் அண்ட் டோல்ட் மீ நாட் டு கோ டு ஸ்கூல் டுமாரோ.’

பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே ‘டுமாரோ’வை ‘த நெக்ஸ்ட் டே’ என்று மாற்றும். மாற்றக்கூடாது. அம்மா சொன்னது காலையில். கடிதம் தரப்பட்டது அன்று மதியம். அம்மாவின் நாளையும் கடிதத்தின் நாளையும் ஒரே நாள்தான். இரண்டு நாள் கழித்து இதே செய்தியை எழுதினால் மட்டுமே ‘த நெக்ஸ்ட் டே’ வரும். ‘வாஸ்’ என்பதும் அப்படித்தான். கடிதம் எழுதும் நேரத்திலும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால் ‘ஷி இஸ் நாட் வெல்’ என்று எழுதினாலும் ஆங்கிலத்தில் தவறில்லை. தேர்வு வினாக்களில் யார் எப்போது சொன்னார், எப்போது எடுத்துச் சொல்லப்படுகிறது என்ற விவரம் எதுவும் இருப்பதில்லை. அதனால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே பாதுகாப்பு என்று நாம் பழக்கிவிட்டோம். மதிப்பெண்ணுக்கு அது சரி. கடிதத்துக்குச் சரியில்லை.

காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் உள்வாக்கியத்தின் காலம், சொன்ன நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ‘பசிக்கிறது என்று சொன்னான்’ என்றால் சொன்ன அந்த நேரத்தில் பசி. நேற்றுச் சொல்லியிருந்தாலும் ‘பசிக்கிறது’ மாறாது. ஆங்கிலம் வெளியே ‘செட்’ என்ற இறந்தகாலம் இருப்பதால் உள்ளேயும் ‘வாஸ்’ என்று இழுத்துக்கொள்கிறது. இதன் மறுபக்கத்தை மொழிபெயர்ப்பில் காணலாம். ‘ஹி செட் ஹி வாஸ் ஹாப்பி’ என்பதை ‘தான் மகிழ்ச்சியாக இருந்ததாக அவர் சொன்னார்’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் படிப்பவருக்கு, முன்பு மகிழ்ச்சியாக இருந்தார், பேசும்போது இல்லை என்று பொருள்படும். ‘இருப்பதாக’ என்றுதான் வர வேண்டும். பிள்ளைகளிடம் இப்படி ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, ‘பேசும்போது அவர் மகிழ்ச்சியாக இருந்தாரா?’ என்று கேட்டால், பட்டியல் இல்லாமலே விஷயம் புரிந்துவிடுகிறது.

இன்னொரு பிழையைப் பற்றி நான் முடிவுக்கு வரவில்லை. ‘ரவி தான் வருவேன் என்று சொன்னான்’ என்று பிள்ளைகள் தமிழில் எழுதுகிறார்கள், செய்தித்தாள்களிலும் பார்க்கலாம். ‘தான்’ என்பது படர்க்கை, ‘வருவேன்’ என்பது தன்மை; இலக்கணப்படி இரண்டும் ஒட்டாது. முன்பு அடித்துத் திருத்துவேன். இப்போது உற்றுப் பார்க்கிறேன். வாக்கியத்தின் தலை எடுத்துச் சொல்பவர் பக்கம் திரும்பிவிட்டது. வால் இன்னும் பேசியவர் வாயிலேயே இருக்கிறது. அயற்கூற்றுக்குப் பாதி வழி வந்து நின்ற பிள்ளை அது. ‘தான் வருவேன்’ என்று எழுதுகிற பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ‘ஹி’ போடக் கற்றுக்கொடுப்பது, ‘நான் வருவேன்’ என்று எழுதுகிற பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதைவிட எளிதாக இருக்கிறது. என் வகுப்பில் பார்த்த அளவில் சொல்கிறேன்.

சொல்வரிசையைப் பற்றியும் சிறிது. ஆங்கிலம் ‘மை மதர் செட்’ என்று முதலிலேயே அறிவித்துவிட்டுத்தான் பேச்சைத் திறக்கிறது. அப்படி அறிவித்துவிடுவதால்தான் ‘தட்’டை விட்டுவிடவும் முடிகிறது. தமிழில் ‘என்று’ கடைசியில் வருகிறது. அதை விட்டால் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. நீண்ட தமிழ் வாக்கியத்தில் ‘என்று’ வரும் வரைக்கும், படிப்பது யாருடைய கருத்து என்று தெரியாமலே பிள்ளை போய்க்கொண்டிருக்கும். ‘அண்ணன் வரமாட்டான் என்று அம்மா சொன்னார்கள் என்று தங்கை சொன்னாள்’ என்பதை மொழிபெயர்க்கச் சொன்னால், பலர் அண்ணனில் தொடங்கிச் சிக்கிக்கொள்கிறார்கள். கடைசி வினையில் விரலை வைத்து, அங்கிருந்து பின்னோக்கி வரச் சொல்லுங்கள். தங்கை சொன்னாள், என்ன சொன்னாள், அம்மா சொன்னார்கள், என்ன சொன்னார்கள், அண்ணன் வரமாட்டான். இந்த வரிசைதான் ஆங்கில வரிசை.

இந்த முறையில் நடத்தத் தொடங்கிய பிறகு ஒருநாள், ‘மாலா டோல்ட் ராணி தட் ஷி ஹாட் பாஸ்ட்’ என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதித் தமிழில் கேட்டேன். ‘மாலா ராணியிடம், தான் தேர்ச்சி பெற்றதாகச் சொன்னாள்’ என்றது பாதி வகுப்பு. ‘அவள் தேர்ச்சி பெற்றதாக’ என்றது மீதி. அந்தக் கடிதம் எழுதிய பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். எழுந்து கேட்டாள்: ‘தான்னா மாலா, அவள்னா ராணி. ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஷிதானா சார்? அப்ப பாஸானது யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?’

இந்த வாக்கியத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்று சொன்னேன். மாலாவிடமோ ராணியிடமோ போய்க் கேட்க வேண்டியதுதான் என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது.